டிசிஷனை ‘மேக்’ செய்வதா, ‘டூ’ செய்வதா: ஆங்கிலச் சொற்சேர்க்கைக்கு ஒரு பயிற்சித்தாள் தயாரிப்பது எப்படி

தக்கலைப் பக்கம் மாலை வகுப்பு எடுக்கிறேன். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளோடு, நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் பெண்களும் வருவார்கள். முதல்முறை நான் தயாரித்த பயிற்சித்தாளில் முதல் கேள்வியே டிசிஷன் பற்றியதுதான். கோடிட்ட இடத்தை நிரப்ப டூ, மேக், டேக் என்று மூன்று விடைகள் கொடுத்திருந்தேன். நர்சிங் படித்த ஒரு பெண் டேக் என்று குறித்திருந்தாள். நான் சிவப்பு மையால் தவறு போட்டேன்.

மறுநாள் அவள் ஒரு ஆங்கில அகராதியைத் திறந்து கொண்டுவந்து காட்டினாள். “சார், இதுல டேக் எ டிசிஷன்னும் இருக்கு. நான் எழுதுனது சரிதானே?” சரிதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் டேக் எ டிசிஷன் இயல்பாகப் புழங்கும் தொடர். அமெரிக்காவில் மேக் எ டிசிஷன்தான் வழக்கம், பிரிட்டனில் இரண்டும் உண்டு. டூ எ டிசிஷன் மட்டும் எங்கும் கிடையாது. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பயிற்சித்தாள் தயாரிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். சரியான விடையைத் தேடுவதை விட, தவறான விடை நிஜமாகவே தவறா என்று பார்ப்பதற்குத்தான் இப்போது அதிக நேரம் செலவிடுகிறேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆசிரியராக இருந்தாலும், வீட்டில் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவராக இருந்தாலும் ஒரே மாலையில் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைத் தயாரித்துவிடலாம்.

முதலில் நம் அடுக்களையிலிருந்து

சொற்சேர்க்கையை ஆங்கிலத்தில் கொலொகேஷன் என்பார்கள், சேர்ந்தே வந்து பழகிய சொற்கள். இந்தப் பெயர்ச்சொல்லுக்கு இந்த வினைதான் என்று பேசுகிறவர்களின் காது ஏற்றுக்கொண்ட ஜோடி. பிள்ளைகளுக்கு இதை விளக்க ஆங்கிலத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரில் தோசை சுடுவோம், இட்லியும் புட்டும் அவிப்போம், மீன் கறி வைப்போம், பப்படம் பொரிப்போம், சாயா போடுவோம். “சாயா சுடு” என்று ஒருவர் சொன்னால் பொருள் புரியும், ஆனால் இந்த ஊர்க்காரர் இல்லை என்பதும் உடனே புரியும். எழுவாய், பயனிலை, காலம் எதிலும் பிழை இல்லை. ஜோடி மட்டும் சேரவில்லை. டூ எ மிஸ்டேக் கேட்கும்போது ஆங்கிலக்காரர் காதில் படுவதும் இதுதான்.

தமிழ் இலக்கணம் இதை மிகப் பழைய காலத்திலேயே கவனித்திருக்கிறது. “வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்” என்பது தொல்காப்பியச் சொல்லதிகார நூற்பா. அடிசில் என்ற சொல்லை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அதில் தின்பதும் இருக்கிறது, பருகுவதும் இருக்கிறது, நக்குவதும் இருக்கிறது. அதனால் அடிசில் தின்றார் என்றோ பருகினார் என்றோ சொல்லாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான வினையாக அயின்றார் என்று சொல்ல வேண்டும். பெயருக்கு ஏற்ற வினை எது என்ற கேள்விதான் இதுவும். அந்த நூல் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோடு தாலுகாவில் இருக்கும் அதங்கோடுதான் என்பது நம் பக்கத்து மக்களின் நம்பிக்கை. இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: தமிழ் வினைகளிலிருந்து பட்டியல்

மேக், டூ, டேக், ஹேவ் என்று நான்கு ஆங்கில வினைகளை எடுத்து ஒவ்வொன்றின் கீழும் இருபது சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் பொதுவான முறை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம் பிள்ளை தவறு செய்வது ஆங்கிலப் பட்டியலை மறந்ததால் அல்ல. மனதுக்குள் ஒரு தமிழ் வினை முந்திக்கொண்டு வருகிறது, அதை அப்படியே ஆங்கிலமாக்கிவிடுகிறது. ஆகவே பட்டியலைத் தமிழிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து தமிழ் வினைகளை மட்டும் எழுதுங்கள்: செய் (அல்லது பண்ணு), எடு, போடு, கொடு, பிடி. ஒவ்வொன்றின் கீழும் வீட்டில் அன்றாடம் பேசும் தொடர்களை எழுதுங்கள். தப்பு பண்ணிட்டேன், முடிவு பண்ணிட்டேன், ஹோம்வொர்க் பண்ணு, முயற்சி செய். முடிவு எடு, போட்டோ எடு, லீவு எடு. சத்தம் போடாதே, சண்டை போடாதே, லைட்டைப் போடு, கையெழுத்துப் போடு. புகார் கொடு, வாக்குக் கொடு. சளி பிடிச்சிருக்கு, பஸ் பிடி. அரைமணி நேரத்தில் முப்பது, நாற்பது தொடர்கள் சேர்ந்துவிடும்.

இதை எழுதும்போதே ஒன்று தெரியும். முடிவு என்ற ஒரே சொல்லுக்கு நாம் இரண்டு வினை வைத்திருக்கிறோம். எழுத்தில் முடிவு எடுக்கிறோம், பேச்சில் முடிவு பண்ணுகிறோம். மலையாளத்திலும் தீருமானம் எடுப்பார்கள். களியக்காவிளை, அருமனைப் பக்கம் இரண்டு மொழியும் கேட்டு வளரும் பிள்ளைக்கு டேக் எ டிசிஷன் தானாக வாயில் வரும். டூ எ டிசிஷன் வருவது பேச்சுத் தமிழின் ‘பண்ணு’ வழியாக. எந்தத் தவறு எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால்தான் பொறியை அங்கே வைக்க முடியும்.

இரண்டாம் படி: மூன்று குவியலாகப் பிரித்தல்

தமிழ் வினை ஏமாற்றும் தொடர்களை முதல் குவியலில் போடுங்கள். தப்பு பண்ணு என்பது டூ எ மிஸ்டேக் ஆகிவிடும், சரியானது மேக் எ மிஸ்டேக். சத்தம் போடு என்பது புட் நாய்ஸ் ஆகிவிடும், சரியானது மேக் எ நாய்ஸ். முயற்சி செய் என்பதற்கு மேக் அன் எஃபர்ட். கனவு கண்டேன் என்பதை ஸா எ ட்ரீம் என்று எழுதுவார்கள், ஆங்கிலத்தில் கனவைப் பார்ப்பதில்லை, ஹேட் எ ட்ரீம்.

இரண்டாவது குவியலில் தமிழ் வினை நேராகக் கை கொடுக்கும் தொடர்கள் வரும். ஹோம்வொர்க் பண்ணு என்பதற்கு டூ ஹோம்வொர்க், போட்டோ எடு என்பதற்கு டேக் எ போட்டோ, கேள்வி கேள் என்பதற்கு ஆஸ்க் எ கொஸ்டின். எனக்கு மிகவும் பிடித்தது கவனம் செலுத்து. கட்டணத்தையும் நாம் செலுத்துகிறோம், கவனத்தையும் செலுத்துகிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே இரண்டுக்கும் பே. இந்தக் குவியலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும் தெரியுமா? தாள் முழுக்கத் தமிழ் வினை ஏமாற்றும் கேள்விகளாகவே இருந்தால், “தமிழில் என்ன வருகிறதோ அதை விட்டு வேறொன்றைக் குறி” என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. மதிப்பெண் பத்துக்குப் பத்து வரும். வெளியே போனதும் மேக் மை ஹோம்வொர்க் என்று பேசும். பத்தில் மூன்று கேள்வியாவது தமிழ் வழி சரியாக வரும் கேள்வியாக இருக்கட்டும்.

மூன்றாவது குவியல் சிறியது. இதில் வினை மட்டுமல்ல, வாக்கியத்தின் தலையே மாறிவிடும். எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது தமிழில் பிடிப்பது சளி, பிடிபடுவது நான். ஆங்கிலத்தில் ஐ காட் எ கோல்டு, அதாவது நான் போய்ச் சளியைப் பிடித்தேன். இரண்டு மொழியிலும் வினை பிடிதான், ஆனால் ஆள் மாறிவிட்டது. இதற்குக் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வி உதவாது, ஏனென்றால் வினையைப் பிள்ளை சரியாகவே குறித்துவிடும். இரண்டு முழு வாக்கியங்களைக் கொடுத்து எது இயல்பு என்று கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: தவறான விடையைச் சோதித்தல்

வேலையின் கனம் முழுக்க இங்கேதான். ஒரு கேள்விக்கு ஒரு சரியான விடையும் இரண்டு பொறி விடைகளும் வேண்டும். பொறி விடைக்கு இரண்டு தகுதி இருக்க வேண்டும். நம் பிள்ளை நிஜமாகவே அதைக் குறிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் அது நிஜமாகவே வழக்கத்தில் இல்லாததாகவும் இருக்க வேண்டும். முதல் தகுதிக்கு உங்கள் தமிழ்ப் பட்டியல் போதும். இரண்டாவதற்கு இரண்டு இடத்தில் பார்க்கிறேன்.

ஒன்று, ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி. எப்போதும் பெயர்ச்சொல்லின் கீழ் பாருங்கள், வினையின் கீழ் அல்ல. மேக் என்ற சொல்லுக்குக் கீழே பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும், அதில் தேடுவது வீண். டிசிஷன் என்ற சொல்லைத் திறந்தால், அதனோடு சேரும் வினைகள் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் தடித்த எழுத்தில் இருக்கும்.

இரண்டு, கூகுள் புத்தகத் தொகுப்பில் ஒரு தொடர் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் இலவசப் பக்கம். முகவரி books.google.com/ngrams. தேடும் பெட்டியில் தொடர்களைக் காற்புள்ளி வைத்து இப்படி எழுதுங்கள்:

```
make a decision,take a decision,do a decision
```

மேக்குக்கும் டேக்குக்கும் தெளிவான கோடுகள் எழும். டூவுக்கு ஒன்றும் வராது, அல்லது தரையோடு தரையாகக் கிடக்கும். மேலே இருக்கும் மெனுவில் முதலில் American English, பிறகு British English என்று மாற்றிப் பாருங்கள். டேக்கின் கோடு பிரிட்டிஷ் புத்தகங்களில் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று தெரியும். அந்த ஒரு நிமிட வேலையை நான் அன்றே செய்திருந்தால் அந்தப் பெண்ணின் தாளில் தவறு போட்டிருக்க மாட்டேன்.

ஒரு பெயர்ச்சொல்லுக்கு என்ன வினை வரும் என்றே தெரியாவிட்டால், வினையின் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம்:

```
*_VERB a mistake
```

அதிகம் வரும் பத்து வினைகளை அது காட்டும். அதில் is, was போன்றவையும் வரும். “அது ஒரு தவறு” என்ற வாக்கியங்களிலிருந்து வந்தவை அவை, அவற்றைத் தள்ளிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இறந்தகாலத்தில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. did a decision என்று தேடினால் கொஞ்சம் கோடு தெரியலாம். அதைப் பார்த்து, ஆங்கிலத்தில் இதுவும் உண்டு போலிருக்கிறது என்று மயங்கிவிட வேண்டாம். ஒன்லி தென் டிட் எ டிசிஷன் கம், அதாவது அப்போதுதான் ஒரு முடிவு வந்தது என்பது போன்ற வாக்கியத்திலும் அந்த மூன்று சொல்லும் அடுத்தடுத்து வரும். அங்கே டிட் துணைவினை, முடிவைச் ‘செய்வதற்கும்’ அதற்கும் தொடர்பில்லை. அதனால் தேடும்போது நிகழ்கால வடிவத்தையே பயன்படுத்துங்கள். சாதாரணக் கூகுள் தேடலில் வரும் எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம். அது தோராயக் கணக்கு, கற்றுக்கொண்டிருப்பவர்கள் எழுதிய பக்கங்களும் அதில் கலந்திருக்கும்.

இந்தச் சோதனையில் நான் கழித்தவற்றில் நான்கைச் சொல்கிறேன், காரணம் புரியும்.

டிசிஷன் கேள்விக்கு டேக்கை எடுத்துவிட்டு கிவ் போடலாம் என்று நினைத்தேன். ஆனால் நீதிமன்றமும் விளையாட்டு நடுவரும் டிசிஷனைக் கிவ் செய்வார்கள், அது ஆங்கிலத்தில் சரியான தொடர். கழித்துவிட்டேன். பிறகு புட் போட்டுப் பார்த்தேன். இருபது பேரில் ஒருவர்கூட அதைக் குறிக்கவில்லை. யாருமே தொடாத விடை செத்த விடை, அது தாளில் இடத்தை மட்டும் அடைக்கும். கடைசியில் அந்தக் கேள்வியில் மேட், டிட் என்று இரண்டே விடையோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாக் கேள்விக்கும் மூன்று விடை இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ப்ராமிஸ் கேள்வியில் மேக் சரியான விடை, கிவ் பொறி. வாக்குக் கொடு என்பதிலிருந்து பிள்ளைகள் அதில் விழுவார்கள். ஆனால் கிவ் எ ப்ராமிஸ் ஆங்கில எழுத்தில் அங்கங்கே வரத்தான் செய்கிறது. அரைகுறையாகச் சரியான ஒன்றைத் தவறு என்று அடிப்பது நியாயமில்லை. கேள்வியையே எடுத்துவிட்டேன்.

கையெழுத்துப் போடு என்பதற்கு புட் யுவர் சிக்னேச்சர் என்பதும் அப்படித்தான். அது ஆங்கிலத்தில் கேட்பதற்கு நன்றாகவே இருக்கும்.

நான்காவது காற்றும் மழையும். பலத்த மழை, பலத்த காற்று என்று நாம் ஒரே சொல்லைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். ஆரல்வாய்மொழிக் காற்றை வைத்து ஒரு கேள்வி எழுத ஆசையாக இருந்தது. ஆனால் ஹெவி விண்ட்ஸ் என்பது புயல் செய்திகளில் வரும். ஸ்ட்ராங் ரெய்ன் என்பதோ காதில் உறுத்தும். ஆகவே அதே ஜோடியை மழைப் பக்கத்திலிருந்து கேட்டேன், கேள்வி உறுதியாக நின்றது. ஒரு ஜோடியில் எந்தப் பக்கம் இறுக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து கேளுங்கள்.

இதற்கிடையில் நம் நாட்டில் பெரிதும் புழங்கும் தொடர்கள் சில இருக்கின்றன. பரீட்சை எழுது என்பதிலிருந்து ரைட் அன் எக்ஸாம், சந்தேகம் கேள் என்பதிலிருந்து ஆஸ்க் எ டவுட். நாகர்கோவிலில் எந்தக் கல்லூரியிலும் இவற்றைக் கேட்கலாம். பிரிட்டனில் எக்ஸாமை டேக் செய்வார்கள் அல்லது சிட் செய்வார்கள், டவுட்டுக்குப் பதில் கொஸ்டின்தான் கேட்பார்கள். இவற்றைப் பொறி விடையாக வைத்துத் தவறு போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளையின் அப்பாவும், ஆசிரியரும், பேராசிரியரும் பேசும் தொடர் அது. தாளின் அடியில் தனியாக ஒரு கட்டம் போட்டு, இங்கே இப்படி, அங்கே அப்படி என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். வெளிநாடு போகும் நர்சுகளுக்கு அந்தக் கட்டம்தான் அதிகம் உதவுகிறது.

நான்காம் படி: வாக்கியம் அமைத்தல்

வினையை மட்டும் எடுத்துவிட்டுப் பெயர்ச்சொல்லை விட்டுவையுங்கள். மூன்று விடையும் ஒரே காலத்தில் இருக்கட்டும். டிட், மேட், புட் என்று இறந்தகாலத்தில் எழுதிவிட்டு நான்காவதாக டேக்கிங் என்று ஒன்றைச் சேர்த்தால், பிள்ளை இலக்கணத்தை வைத்தே அதைத் தள்ளிவிடும், சொற்சேர்க்கையை யோசிக்காது. ஏ, அன் பிரச்சினை வராதபடி அதைப் பெயர்ச்சொல்லோடு சேர்த்து அச்சிடுங்கள். வாக்கியம் எட்டு, பத்துச் சொல்லுக்கு மேல் போக வேண்டாம், வேறு கடினச் சொல்லும் வேண்டாம். மேக்குக்கு உரிய கேள்விகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

இப்படி வடிகட்டி என் வகுப்பில் இப்போது ஓடும் தாள் இது. அச்சில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, இங்கே ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

1. தி ஃபிஷர்மென் அட் கொளச்சல் ____ எ டிசிஷன் டு ஸ்டே அட் ஹோம். (டிட் / மேட்)
2. ஹேவ் யூ ____ யுவர் ஹோம்வொர்க்? (மேட் / புட் / டன்)
3. த பேபி இஸ் ஸ்லீப்பிங். டோன்ட் ____ எ நாய்ஸ். (புட் / மேக் / டூ)
4. ஐ ____ எ ஸ்ட்ரேஞ்ச் ட்ரீம் லாஸ்ட் நைட். (ஸா / டிட் / ஹேட்)
5. ப்ளீஸ் ____ அட்டென்ஷன் டு த நர்ஸ். (பே / புட் / டூ)
6. வீ குட் நாட் கோ டு பேச்சிப்பாறை பிகாஸ் ஆஃப் ____ ரெய்ன். (ஸ்ட்ராங் / ஹெவி / பிக்)
7. ஹி ____ எ மிஸ்டேக் இன் த பில். (மேட் / டிட் / புட்)
8. வில் யூ ____ எ போட்டோ ஆஃப் அஸ் நியர் த லைட்ஹவுஸ்? (கேட்ச் / புட் / டேக்)
9. இயல்பான வாக்கியம் எது? எ கோல்டு காட் மீ ஆன் சண்டே. / ஐ காட் எ கோல்டு ஆன் சண்டே.
10. இட் இஸ் லேட். ப்ளீஸ் ____ த லைட். (க்ளோஸ் / ஸ்டாப் / ஸ்விட்ச் ஆஃப்)

விடைகள்: மேட், டன், மேக், ஹேட், பே, ஹெவி, மேட், டேக், இரண்டாவது வாக்கியம், ஸ்விட்ச் ஆஃப்.

இரண்டு, ஐந்து, எட்டு ஆகியவற்றில் தமிழ் வழி நேராக விடைக்குப் போகும். மற்ற ஏழில் ஏமாற்றும். பத்தாவது கேள்வியில் ஒரு சிறு குறிப்பு: டர்ன் ஆஃப் என்பதும் சரிதான், அதனால் அதை விடைகளில் சேர்க்கவில்லை. ஒன்பதாவதில் காட் எ கோல்டு என்பதோடு ஐ ஹேவ் எ கோல்டு என்பதையும் சொல்லிக்கொடுங்கள். சளி தொற்றிய நேரத்துக்கு முதலாவது, சளி இருக்கும் நாட்களுக்கு இரண்டாவது. ஏழாவதில் கமிட் எ மிஸ்டேக் சரியா என்று யாராவது கேட்பார்கள். கமிட் என்பது குற்றம், பாவம் போன்ற கனமான சொற்களோடு சேரும் வினை. பில்லில் எண் மாறிப்போனதற்கு அது பொருந்தாது.

தாளை அச்சிடுவதற்கு முன் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் விடைத்தாள் காட்டாமல் கொடுங்கள். அவர் தவறாகக் குறித்தால் மட்டுமல்ல, எந்தக் கேள்வியில் பேனாவை நிறுத்தி யோசிக்கிறார் என்றும் பாருங்கள். அவர் தயங்கும் கேள்வியில் பெரும்பாலும் இரண்டு விடை ஒளிந்திருக்கும்.

மரபுத்தொடர்கள் பற்றி

இடியம் எனும் மரபுத்தொடரை இதே தாளில் கலக்காதீர்கள். சொற்சேர்க்கையில் பொருள் வெளிப்படையாக இருக்கும், வினை மட்டும்தான் கேள்வி. மரபுத்தொடரில் பொருளே வேறு. கம்பி நீட்டினான் என்றால் ஓடிவிட்டான். கம்பியை நீளமாக நீட்டினான் என்று ஒரு சொல் சேர்த்தாலே அந்தப் பொருள் போய்விடும், வெறும் கம்பிதான் மிஞ்சும். ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் இதே சோதனையைச் செய்யலாம். மேக் எ டிசிஷன் என்பதில் நடுவே குவிக் என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலும் பொருள் மாறாது, அது சொற்சேர்க்கை. கிக் த பக்கெட் என்றால் செத்துப்போவது. பக்கெட்டுக்கு முன் பிக் சேர்த்தால் நிஜமான வாளியை உதைத்ததாகிவிடும், ஆகவே அது மரபுத்தொடர். இந்தத் தொடரை மருத்துவமனையில் நோயாளியின் குடும்பத்திடம் யாரும் சொல்லக் கூடாது என்பதையும் நர்சுகளிடம் சொல்லிவிடுவேன். அது கேலியான பேச்சு.

மரபுத்தொடர்த் தாளுக்கு நம் மொழிக்கு நெருக்கமானவற்றிலிருந்து தொடங்குவது எளிது. கீப் யுவர் வேர்டு என்பது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான். கிவ் யுவர் வேர்டு என்பது வாக்குக் கொடுப்பது. ப்ராமிஸில் கழித்த ‘கொடு’ இங்கே அழகாகப் பொருந்துகிறது. டிசிஷன் கேள்விக்கு அடுத்து மேக் அப் யுவர் மைண்ட் என்பதைச் சொல்லலாம், பொருள் அதேதான், முடிவுக்கு வருவது. மழைக்குப் பூனையும் நாயும் கொட்டும் தொடரைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்பார்கள். அதைக் கேட்டால் புரிந்தால் போதும். பேசும்போது ஹெவி ரெய்ன்தான் இயல்பு.

ஐந்தாம் படி: திருத்திய பிறகு

தாளைத் திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதாமல், எந்தக் கேள்வியில் எந்தப் பொறியை எத்தனை பேர் குறித்தார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். என் வகுப்பில் இருபது பேர் எழுதியபோது, நான்காவது கேள்வியில் பதினோரு பேர் ஸா என்று குறித்திருந்தார்கள். இரண்டாவதில் மூன்று பேர் மேட் என்று குறித்திருந்தார்கள். தாளில் மேக் நிறைய வருகிறது என்று ஊகித்து எழுதியவர்கள் அவர்கள். அடுத்த தாளில் மேக் விடைகளை ஒன்று குறைத்தேன்.

தவறு போன கேள்விக்குச் சரியான விடையை எழுதிக்கொடுப்பதோடு விட்டால் அது தங்காது. அந்தத் தொடரை வைத்துத் தன் வீட்டைப் பற்றியே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். கனவுக் கேள்வியில் விழுந்த ஒரு பையன், மை க்ராண்ட்மதர் ஹேட் எ ட்ரீம் அபௌட் அவர் ஓல்டு போட் என்று எழுதினான். அவன் இனி ஸா எ ட்ரீம் சொல்ல வாய்ப்பு குறைவு. நோட்டில் குறிக்கும்போதும் ட்ரீம் என்று தனிச் சொல்லாக எழுதாமல் ஹேவ் எ ட்ரீம் என்று முழு ஜோடியாக எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் தமிழில் கனவு காண் என்று எழுதி, காண் என்பதன் கீழ் ஒரு கோடு. கண் அந்தக் கோட்டில் விழும்போது, இங்கேதான் வினை மாறுகிறது என்று நினைவு வரும்.

அதே தாளை இரண்டு நாள் கழித்து விடைகளே இல்லாமல், வெறும் கோட்டோடு கொடுங்கள். இப்போது நினைவிலிருந்து எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து கேள்விகளின் வரிசையை மாற்றி மறுபடி ஒருமுறை. இரண்டாம் முறை பலர் டிசிஷனுக்கு டுக் என்று எழுதுவார்கள், விடைகளில் அது இல்லாதபோதும். முழு மதிப்பெண் கொடுங்கள், பக்கத்தில் பிரிட்டிஷ் என்று எழுதிவிடுங்கள். மூன்றாம் முறையும் யாருக்காவது ஒரு ஜோடி தவறினால், அந்தப் பெயர்ச்சொல்லைத் தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்த தாளின் முதல் கேள்வி அதிலிருந்து வரட்டும்.